எட்டு நிமிடப் பேச்சு: மருந்துக்கடைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் எழுதிய வசனம்

பெரம்பூர், கொளத்தூர் பக்கம் சில கிளைகள் வைத்திருக்கும் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். கவுன்ட்டர் வேலைக்குப் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாள் காலையில் பேசுவது என் பொறுப்பு. ஷட்டர் திறந்ததிலிருந்து பார்க் டவுன் மொத்தக் கடைகளின் சரக்கு வந்து இறங்கும் வரை ஓர் இடைவெளி கிடைக்கும். அதற்கப்புறம் பக்கத்து கிளினிக் கூட்டம் வந்துவிடும், யாரையும் நிறுத்திப் பேச முடியாது. அந்த இடைவெளியில் எட்டு நிமிடம் எனக்கு. அந்த எட்டு நிமிடத்துக்கான வசனத்தை எப்படி எழுதினேன், எதை வெட்டினேன், கேள்விகளை எப்படி அமைத்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கடையின் மூத்த ஆட்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "புதுசா வந்த பிள்ளை முதல் மாசத்துல தன் கையால செஞ்சு, வாங்கிட்டுப் போறவங்களுக்குக் கெடுதல் வரக்கூடிய தப்பு என்ன?" வந்த பதில்களை ஒரு தாளில் எழுதினால் பக்கம் நிறைந்துவிட்டது. எல்லாம் முக்கியமானவைதான். ஆனால் எட்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னால் ஒன்றுமே நிற்காது. அதனால் ஒரு வடிகட்டி வைத்தேன்: இதை அந்தப் பிள்ளை முதல் வாரத்திலேயே தன் கையால் செய்யப்போகிறதா? இல்லை என்றால் இந்தப் பேச்சில் இடமில்லை.

இந்த வடிகட்டியில் முதலில் விழுந்தது ஷெட்யூல் எச்1 பதிவேடு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி அது. குறிப்பிட்ட சில மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டப்படி கட்டாயமானது, ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பதும் அதுதான். ஆனால் எங்கள் கடையில் அதை எழுதுவது மருந்தாளுநர். புதிய பிள்ளை தொடப்போவதில்லை. அதனால் அதை இரண்டாம் மாதப் பயிற்சிக்குத் தள்ளினேன். மூத்த அண்ணன் ஒருவருக்கு இதில் வருத்தம். "சட்டத்தைச் சொல்லாம எப்படிம்மா முதல் நாளை ஆரம்பிக்கிறது?" என்றார். சட்டம் சொல்வதில் கவுன்ட்டரில் நிற்பவர் செய்ய வேண்டிய பகுதி ஒன்று உண்டு, அதை மட்டும் கடைசி நிமிடங்களில் ஒரு வாசகமாக வைக்கிறேன் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

வடிகட்டிய பிறகு ஆறு விஷயங்கள் நின்றன. ஆறுக்கு ஆறு நிமிடம், தொடக்கத்துக்கு அரை நிமிடம், முடிவில் திரும்பக் கேட்பதற்கு ஒன்றரை நிமிடம். கணக்கு சரியாக வந்தது.

அடுத்த வேலை தலைப்புகளை வாக்கியமாக மாற்றுவது. தாளில் "காலாவதித் தேதி" என்று எழுதியிருந்தேன். அது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு எங்கெங்கோ போகும்: தேதி எங்கே அச்சாகியிருக்கும், ரேக்கில் எப்படி அடுக்குவது, காலாவதியானதை எந்தப் பெட்டியில் போடுவது, திருப்பி அனுப்புவது எப்படி. நான்கு நிமிடம் ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு தலைப்பையும் கேட்டவர் கடையில் செய்யக்கூடிய ஒரு செயலாக, வினைச்சொல்லில் முடியும் ஒரே வாக்கியமாக எழுதினேன். காலாவதித் தேதி இப்படி ஆனது: "கடைசி மாத்திரை சாப்பிடுற நாள் காலாவதிக்குள்ள வருதான்னு பாருங்க." இந்த வாக்கியத்துக்கு உதவாத எதுவும் அந்த நிமிடத்தில் வராது. வாக்கியத்தில் "மற்றும்" வந்தால் அங்கே இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், பிரிக்க வேண்டும். இந்தச் சோதனை எனக்குப் பலமுறை கைகொடுத்தது.

சொற்கணக்கு அடுத்தது. ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் நிமிடத்துக்கு 130, 150 சொல் என்ற அளவு தமிழுக்குப் பொருந்தாது. நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் நாலு சொல்லாக நிற்பது நமக்கு "கொடுக்கக்கூடாதுன்னு" என்று ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். என் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து எண்ணிப் பார்த்தேன். எதிரில் இருப்பவர் முகம் பார்த்து நிதானமாகப் பேசும்போது எனக்கு நிமிடத்துக்கு 85 சொல் அளவில் வருகிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம், எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஆனால் அந்த 85 சொல்லையும் நானே பேசிவிட்டால் கேள்விக்கு இடமில்லை. ஒரு நிமிடத்தில் நான் பேசுவது 35 விநாடி, மீதி 25 விநாடி கேள்விக்கு என்று பிரித்தேன். 35 விநாடி என்றால் 50 சொல். அதுதான் ஒரு விஷயத்துக்கு உள்ள மொத்த இடம்.

50 சொல் எவ்வளவு குறைவு என்று எழுதும்போதுதான் தெரியும். இன்சுலின் நிமிடத்தை வைத்து அதைக் காட்டுகிறேன்.

முதல் வரைவில் நான் விரிவாக எழுதியதன் சுருக்கம் இது: இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்துபோனால் பயன்படுத்தக்கூடாது, திறந்து பயன்படுத்தத் தொடங்கிய பிறகு பெரும்பாலான இன்சுலின்களை அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், வாங்கிப் போகிறவருக்கு ஐஸ் பை போட்ட உறையில் கொடுக்க வேண்டும், ஆனால் பெட்டி ஐஸைத் தொடக்கூடாது, சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எல்லாமே உண்மை, எல்லாமே தேவை. படித்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தைத் தாண்டியது.

பிறகு யோசித்தேன். முதல் வாரத்தில் புதிய பிள்ளை இன்சுலினை வைத்து என்ன செய்யும்? சரக்கு வந்ததும் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கும். அவ்வளவுதான். வாங்குபவருக்கு விளக்கம் சொல்வது மருந்தாளுநர் வேலை. எனவே அந்த நிமிடத்தின் வாக்கியம் "இன்சுலின் குளிரணும், உறையக்கூடாது" என்று சுருங்கியது. வசனம் இப்படி வந்தது:

"இது இன்சுலின். இதுக்கு வெயிலும் ஆகாது, ஐஸும் ஆகாது. ரெண்டு டிகிரியிலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும். ஒரு தடவை உறைஞ்சுட்டா, திரும்பக் கரைஞ்சாலும் அதை நம்ப முடியாது, தூக்கித்தான் போடணும். சில சமயம் பார்த்தா வித்தியாசமே தெரியாது. நம்ம ஃப்ரிட்ஜைப் பாருங்க. கதவைத் திறக்கிறப்பல்லாம் கதவுத் தட்டு சூடாகும். ஃப்ரீசரை ஒட்டின இடம் உறைஞ்சுபோகும்."

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இன்சுலினை எங்கே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. முன்பிருந்த வரைவில் "அதனால நடுத்தட்டுல வைங்க" என்று முடித்திருந்தேன். அப்படி முடித்துவிட்டு "எங்கே வைக்கணும்?" என்று கேட்டால், இரண்டு விநாடிக்கு முன் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வார்கள். அது கேள்வி ஆகாது. காரணம் வரை நான் சொல்கிறேன், முடிவை அவர்கள் எடுக்கட்டும் என்று கடைசி வரியை வெட்டினேன். மூன்று சொல் மிச்சமானது தனி லாபம். இதற்குப் பிறகு ஆறு நிமிடங்களிலும் இதே வேலையைச் செய்தேன்: வசனத்தின் கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதைக் கேள்வியாக மாற்ற முடியுமா என்று பார்ப்பது.

கேள்வி: "புதுப் பெட்டி வந்திருக்கு. எங்க வைப்பீங்க? கதவுத் தட்டு ஒண்ணு, நடுத்தட்டு ரெண்டு, ஃப்ரீசர் ஓரம் மூணு." பதிலை வாயால் சொல்லக்கூடாது, விரலால் காட்ட வேண்டும்.

தவறான விடைகளை எழுதுவதில்தான் எனக்கு அதிக நேரம் போனது, போக வேண்டியதும்தான். ஒன்று காட்டுபவர், கைக்கு எட்டும் இடத்தில் வைக்கும் வீட்டுப் பழக்கத்தை இங்கே கொண்டுவருகிறார். மூன்று காட்டுபவர் "எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது" என்று நினைக்கிறார். இரண்டுமே கடையில் நடக்கும் தவறுகள், ஆனால் திருத்தும் வாக்கியம் வேறு வேறு. ஒன்று காட்டியவர்களுக்கு: "கதவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்குதுன்னு இன்னைக்கு எண்ணிப் பாருங்க." மூன்று காட்டியவர்களுக்கு: "உறைஞ்ச இன்சுலினைத் தூக்கிப் போடணும்னு இப்பத்தான் பார்த்தோம்." இந்த இரண்டு வரியையும் வசனத்தின் வலது ஓரத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் யோசித்துத் திருத்தப் போனால் பேச்சு நீளும். "கல்லாப் பெட்டி மேலே நாலு" என்பது போல யாருமே தேர்ந்தெடுக்காத விடையை வைத்தால் அது வெறும் இடநிரப்பல். விரல்களைப் பார்த்ததும் யார் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் அந்த விடை வேண்டாம்.

"புரிஞ்சுதா?" என்ற சொல் என் வசனத்தில் ஓரிடத்திலும் கிடையாது. முதல் நாள், புது இடம், எதிரில் பெரியவர்கள். திருவள்ளூரிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ மின்சார ரயில் பிடித்து வந்திருக்கும் பிள்ளை "புரியலை மேடம்" என்று ஒருபோதும் சொல்லாது. எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பி அடுத்த விஷயத்துக்குப் போனால், நாம் தனியாகத்தான் போகிறோம்.

விரலைக் காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தலைக்கு மேலே கையைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து விரல் மாறும். ஒருவர் டி.ஃபார்ம் முடித்தவர் என்று தெரிந்தால் எல்லாருடைய கண்ணும் அவர் கை மேலேயே இருக்கும். அதனால் கையை மூடி நெஞ்சருகே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நான் "காட்டுங்க" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். யார் நினைத்தது என்ன என்பது அப்போதுதான் கலப்படமில்லாமல் கிடைக்கும். எல்லா விரலும் சரியாக இருந்தாலும், ஒருவர் கண் மட்டும் பக்கத்துக் கையில் இருந்ததைப் பார்த்தால், அவரிடம் "ஏம்மா ரெண்டு?" என்று கேட்பேன். காரணம் சொல்லிவிட்டால் சரி.

கேள்விக்கும் "காட்டுங்க" என்பதற்கும் நடுவே நான் பேசாமல் இருக்க வேண்டிய நேரத்தையும் வசனத்தில் எழுதியிருக்கிறேன்: "(பேசாதே. ஐந்து எண்ணு.)" அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது. ஐந்து எண்ணுவது எனக்கு மூன்று விநாடிக்கும் நான்கு விநாடிக்கும் நடுவில் வருகிறது. நின்று பேசுபவருக்கு அந்த அமைதி மிக நீளமாகத் தோன்றும், உடனே ஏதாவது சொல்லி நிரப்பத் தோன்றும். "அதாவது..." என்று தொடங்கினால் விடை வெளியே வந்துவிடும். எழுதி வைத்தால்தான் வாயை மூடிக்கொள்ள முடிகிறது.

காலாவதி நிமிடத்துக்கு வருகிறேன். நம் மருந்து விதிகளின்படி அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம். EXP 03/2026 என்றால் மார்ச் 31 வரை. இதைச் சொல்லிவிட்டு "மார்ச் 20ஆம் தேதி இந்த அட்டையைக் கொடுக்கலாமா?" என்று கேட்பது எளிய கேள்வி. எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். ஆனால் கடையில் நடக்கும் தவறு அது இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு பெரியவர் முப்பது நாளுக்கு மாத்திரை வாங்குகிறார். மார்ச் 20ஆம் தேதி கொடுத்தால் இன்று காலாவதி ஆகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் மாத்திரைகளை அவர் ஏப்ரலில் சாப்பிடுவார். பில் போடும் கணினி இன்றைய தேதியை மட்டும் பார்த்தால் அது எச்சரிக்காது. கையில் எடுப்பவர் கண்தான் பார்க்க வேண்டும்.

எனவே கேள்வியை மாற்றினேன்: "இன்னைக்கு மார்ச் இருபது. ஐயா முப்பது நாளைக்கு மாத்திரை கேக்குறார். அட்டையில மார்ச் ரெண்டாயிரத்து இருபத்தாறு. கொடுக்கலாம் ஒண்ணு, கூடாது ரெண்டு." இரண்டே விடை என்பதால் குருட்டாம்போக்கில் பாதிப் பேர் சரியாகக் காட்டிவிடுவார்கள். இதற்கு மட்டும் சரியாகக் காட்டிய ஒருவரிடம் "ஏன்?" என்று கேட்பதையும் சேர்த்து எழுதினேன். "ஏப்ரல்ல சாப்பிடுவார்" என்ற இரண்டு சொல் வந்துவிட்டால் போதும், அந்த நிமிடம் முடிந்தது. தேதிகளை ஒவ்வொரு முறை பேசும்போதும் அன்றைய தேதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறேன். கடை நாட்காட்டியைக் காட்டிக் கேட்டால் மனக்கணக்கு குறையும், யோசனை மருந்தின் மேல் இருக்கும்.

இதை ஒட்டியே அட்டையை வெட்டும் நிமிடத்தை வைத்தேன். அரை அட்டை கேட்டால், தேதியும் பேட்ச் எண்ணும் அச்சான முனையை விட்டுவிட்டு எதிர் முனையிலிருந்து வெட்ட வேண்டும். தேதி உள்ள பகுதி கடையில் நிற்கும்போதுதான் மீதியை அடுத்தவருக்கு எப்போது வரை கொடுக்கலாம் என்று தெரியும். இதைச் சொல்வதற்கு 50 சொல்கூட வேண்டாம். கேள்வியும் வாயால் இல்லை: ஆளுக்கு ஒரு காலி அட்டை, ஒரு கத்தரிக்கோல். "அஞ்சு மாத்திரை வெட்டிக் காட்டுங்க." வாங்கிப் போகிறவர் கைக்குத் தேதி இல்லாத துண்டு போகிறதே என்று கூர்மையான பிள்ளை கேட்கும். கேட்டால் சந்தோஷம். பில்லில் தேதியும் பேட்ச் எண்ணும் அச்சாகிறது, அதனால் பில் இல்லாமல் வெட்டிய அட்டை வெளியே போகக்கூடாது என்பதுதான் பதில். அதை வசனத்தில் சேர்க்கவில்லை, வலது ஓரத்தில் "கேட்டால் மட்டும்" என்று குறித்து வைத்திருக்கிறேன்.

பெயர் குழப்பத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினேன், இரண்டு விஷயமாகப் பிரித்து. முதலாவது: அட்டையின் நிறத்தைப் பார்க்காதே, பெயரைக் கடைசி எழுத்து வரை படி. மெட்ஃபார்மின் நீரிழிவுக்கு, மெட்ரோனிடசோல் தொற்றுக்கு. கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் அவசரமாக எழுதிய சீட்டில் "மெட்" வரைதான் தெளிவாக இருக்கும். இரண்டாவது: பெயருடன் மி.கி. அளவையும் சேர்த்துப் படி. நம் ஊரில் மெட்ரோனிடசோல் மாத்திரை பொதுவாக 200, 400 மி.கி., மெட்ஃபார்மின் பெரும்பாலும் 500லிருந்து தொடங்கும். சீட்டில் 500 என்று இருந்து கையில் 400 இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். இந்த இரண்டும் ஒரே நிமிடத்தில் இருந்தபோது கேள்விக்கு விடை சரியாக வரும், ஆனால் எதைப் பார்த்துச் சரியாகச் சொன்னார்கள் என்று தெரியாது. பிரித்த பிறகு, முதல் நிமிடக் கேள்வியில் அளவு எழுதாத சீட்டு, இரண்டாவதில் அளவு மட்டும் மாறும் அட்டைகள் என்று தனித்தனியாகச் சோதிக்க முடிந்தது.

ஆறாவது நிமிடம்தான் மூத்த அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மருத்துவர் சீட்டுக்கான மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. பிரிவு எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்வதில் பயனில்லை. கவுன்ட்டரில் வாடிக்கையாளர் சீட்டு இல்லாமல் வந்து "தம்பி, Rx போட்டதெல்லாம் பரவாயில்லை, போன தடவை கொடுத்தீங்களே" என்று அதட்டும்போது என்ன சொல்வது என்பதுதான் வேண்டும். அதற்கு ஒரே வாசகம்: "ஒரு நிமிஷம் இருங்க, மருந்தாளுநரைக் கூப்பிடுறேன்." இல்லை என்று சொல்லவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். இந்த நிமிடத்தின் கேள்வி நடிப்பு. நான் வாடிக்கையாளராக அதட்டுவேன், அவர்கள் சேர்ந்து அந்த வாசகத்தைச் சொல்ல வேண்டும், பிறகு ஒருவர் தனியாக. தயக்கத்தோடு சொன்னால் இன்னும் கொஞ்சம் உரக்க அதட்டுவேன். வாயில் ஒருமுறை வந்த சொல்தான் பதற்றத்தில் வரும்.

வசனத்தை எழுதும் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்திருக்கிறேன். இடது பக்கம் பேசுவது, பேச்சுத் தமிழிலேயே. எழுத்துத் தமிழில் எழுதிவிட்டுப் பேசும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் செய்தி வாசிப்பது போல வரும், நேரக்கணக்கும் மாறிவிடும். வலது பக்கம் கையில் எடுக்க வேண்டியது, கேள்வி, திருத்தும் வரி, கடிகாரம் காட்ட வேண்டிய நேரம். 0:30, 1:30, 2:30 என்று ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கமும் குறித்திருக்கிறது. பேசும்போது 20 விநாடிக்கு மேல் பின்தங்கினால் எதை விட வேண்டும் என்பதும் முன்பே முடிவானது: அட்டை வெட்டும் நிமிடம். அதை அன்றே வேலையின் நடுவில் பக்கத்தில் நின்று காட்டிவிடலாம். பெயர் குழப்பத்தையும் இன்சுலினையும் அப்படித் தள்ள முடியாது.

ஒத்திகையில் நேரம் எங்கே கசிகிறது என்று பதிவைக் கேட்டால் தெரிந்துவிடும். எனக்குக் கசிந்தது விஷயங்களில் இல்லை, இடைவெளிகளில். "சரி, இதைப் பார்த்தாச்சு, இப்ப அடுத்ததா என்னன்னா" என்பது போன்ற இணைப்புகள் ஒவ்வொன்றும் ஐந்தாறு விநாடி. ஆறு இடத்தில் அரை நிமிடம் போய்விடும். அவற்றை எடுத்துவிட்டு, பொருளைக் கையில் எடுப்பதையே இணைப்பாக வைத்தேன். இன்சுலின் பெட்டி மேசையிலிருந்து கைக்கு வந்தால் அடுத்த விஷயம் தொடங்கிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கேட்பதற்கு மருந்துக்கடையோடு சம்பந்தமில்லாத ஒருவரை உட்காரவைத்தது இன்னொரு நல்ல விஷயம். "பேட்ச்னா என்னக்கா?" என்று என் தங்கை கேட்டதும், வசனத்தில் "ஒண்ணாத் தயாரான கூட்டத்தோட நம்பர்" என்று சேர்த்தேன்.

கேள்விக்கு மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாகக் காட்டினால் என்ன செய்வது என்பதற்கும் விதி வைத்தேன். திருத்தும் வரியைச் சொல்லிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்க மாட்டேன், விடை ஏற்கனவே தெரிந்துவிட்டது. அதே விஷயத்துக்கு வேறு சூழலில் இரண்டாவது கேள்வி ஒன்று தயாராக இருக்கும். இன்சுலினுக்கு: "கரன்ட் போயி ஃப்ரிட்ஜ் நின்னுடுச்சு. இன்சுலினை எடுத்து ஃப்ரீசர்ல மாத்தலாமா?" இதிலும் தவறினால் அங்கே நின்று விளக்கிவிட்டு, அட்டை வெட்டும் நிமிடத்தை விட்டுவிடுவேன்.

கடைசி ஒன்றரை நிமிடத்தில் புதிதாக எதுவும் கிடையாது, தொகுப்புரையும் கிடையாது. மூன்று பழைய கேள்விகளை வேறு உருவில், வரிசை மாற்றிக் கேட்கிறேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், படித்ததையே திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழ்: படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னே வந்தார்கள். அதனால்தான் நான் தொகுத்துச் சொல்லும் ஆசையை விட்டுவிட்டு, அவர்களை நினைவிலிருந்து எடுக்க வைக்கிறேன். அதே மூன்று கேள்விகளை ஒரு சிறு அட்டையில் எழுதி ஒவ்வொரு கிளையிலும் மூத்தவரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரத்தில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ரேக் பக்கத்தில் நின்று கேட்பார்கள்.

அப்படிக் கேட்டதில் வந்த பதில்கள்தான் வசனத்தை மாற்றுகின்றன. இன்சுலினும் அதட்டும் வாடிக்கையாளரும் நன்றாக நிற்கின்றன. மி.கி. அளவு நிமிடம் நிற்கவில்லை. அன்றே சரியாக விரல் காட்டியவர்கள், ஒரு வாரம் கழித்து உண்மையான சீட்டைக் கையில் கொடுத்ததும் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். சீட்டில் அளவு எங்கே எழுதியிருக்கும் என்று கண் பழகவில்லை. மருத்துவர்கள் கையெழுத்தைப் படிப்பது எட்டு நிமிடப் பேச்சில் கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயமும் அல்ல, மருந்தாளுநர் பக்கத்தில் பல வாரம் நின்று கற்க வேண்டியது. அதனால் அந்த நிமிடத்தை முதல் நாளிலிருந்து எடுத்து, பழைய சீட்டுகளின் நகலை, பெயர்களை மறைத்துவிட்டு, கையில் கொடுத்துச் செய்யும் இரண்டாம் நாள் பயிற்சியாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். காலியான நிமிடத்துக்கு இன்னொரு விஷயத்தைக் கொண்டுவரவில்லை. பெயரைக் கடைசி எழுத்து வரை படிப்பதற்கே இப்போது இரண்டு கேள்வி கேட்கிறேன்.